பென்சன் மாசக்கணக்கா ஏறலையா? ரிட்டயர்ட் வாத்தியார் அடுவான் போடுற வழி, படிப்படியா

நான் தமிழ்ப்பள்ளில இருபது வருசத்துக்கு மேல கெராணியா இருந்து வெளிய வந்தவன். எங்க எஸ்டேட் டவுன்ல ரிட்டயர் ஆன வாத்தியார் யாருக்காவது பென்சன் ஏறலன்னா, காப்பிக்கடைல என்னையத்தான் தேடிக்கிட்டு வருவாங்க. இதுவரைக்கும் ஆறு பேருக்கு உக்காந்து எழுதிக் குடுத்துருக்கேன். அதுல அஞ்சு பேரு ஒரே தப்பப் பண்ணிட்டுதான் வந்தாங்க, காசு எந்த இடத்துல நிக்குதுன்னு பாக்காமலே புகார் எழுதிப்புட்டாங்க.

கடைசியா வந்த ஒரு டீச்சரோட கேஸ வச்சே சொல்றேன், பேரு வேணாம். மார்ச் 11ஆம் தேதி அவங்களுக்கு அறுபது ஆச்சு, அன்னிக்கே ரிட்டயர்மெண்ட். ஜூலை பாதி வரைக்கும் ஒத்த காசு வரல. மளிகைக்கடைல "எழுதிக்குங்க தம்பி"ன்னு சொல்லியே நாலு மாசம் ஓட்டிட்டாங்க.

1. முதல்ல, இது புது பென்சனா நின்னுபோன பென்சனா

ரெண்டுக்கும் கேக்குற கேள்வி வேற, போற இடமும் வேற. மாசாமாசம் வந்துகிட்டு இருந்தது திடீர்னு நின்னுச்சுன்னா ஒப்புதல் எல்லாம் எப்பவோ முடிஞ்ச விசயம், அதுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போறது வீண் அலைச்சல். அங்க பாக்க வேண்டியது பேங்க் கணக்கும், பென்சன் பணத்தப் போடுற க்வாப்ல உங்க நிலவரமும்தான்.

ரிட்டயர் ஆனதுலேருந்தே வரலன்னா ஃபைல் பள்ளிக்கூடத்துலேருந்து கெளம்பி பேங்க் வரைக்கும் போற வழில எங்க வேணா நின்னுருக்கலாம். டீச்சரோடது இந்த வகை, அதனால இனிமே சொல்றதும் பெரும்பாலும் இதுக்குத்தான்.

ஒரு சின்ன அடையாளம் இருக்கு. கன்ஜாரான்னு சொல்ற மொத்தப் பணம் வந்துருச்சு, மாசப் பென்சன் மட்டும் வரலன்னா, ஃபைலும் ஓகே பேங்க் கணக்கும் ஓகேன்னு வச்சுக்கலாம். ரெண்டுமே வரலன்னா ஒண்ணு ஒப்புதல் ஆகல, இல்ல பணம் கெளம்பியும் கணக்குல எறங்கல. டீச்சருக்கு ரெண்டுமே வரல.

2. வாய் தொறக்குறதுக்கு முன்னாடி கைல இருக்க வேண்டியது

ஐசி காப்பி, ரிட்டயர்மெண்ட் கடுதாசி, ஒப்புதல் கடுதாசி வந்திருந்தா அது, கடைசி சம்பள ஸ்லிப், போராங்ல குடுத்த பேங்க் புக்கோட முதல் பக்கம், ரிட்டயர் ஆன மாசத்துலேருந்து இன்னிக்கு வரைக்கும் அந்தக் கணக்கோட ஸ்டேட்மெண்ட். ஸ்டேட்மெண்ட் எதுக்குன்னா, "வரல"ன்னு நீங்க வாயால சொன்னா அது பேச்சு, பேங்க் பேப்பர்ல அந்தத் தொகை இல்லன்னாதான் அது ஆதாரம்.

கூடவே அரை வெள்ளி எக்சர்சைஸ் புக் ஒண்ணு வாங்குங்க, நான் சும்மா சொல்லல. எந்த ஆபீசுக்கு எப்ப போனீங்க, யார்கிட்ட பேசினீங்க, என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் தேதி போட்டு அதுல எழுதுங்க. டீச்சர் நாலு மாசமா பள்ளிக்கூடம், மாவட்டக் கல்வி ஆபீசான பிபிடி, ஒய்பி ஆபீஸ்னு எங்கெங்கயோ போயிருக்காங்க, ஆனா எப்ப போனீங்கன்னு கேட்டா "ராயாவுக்கு முன்னாடி"ன்னுதான் சொல்ல முடிஞ்சுது. அத எப்படிப்பா கடுதாசில எழுதுறது.

3. பேங்குக்கு முதல்ல போங்க

எல்லாரும் இத கடைசியாத்தான் செய்வாங்க. நான் முதல்ல செய்யச் சொல்றதுக்குக் காரணம், இது நம்ம டவுன்லயே அரை மணி நேரத்துல முடியுற வேல, ஒரு ஆபீசரையும் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. இதுல கோளாறு கெடைச்சுட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

ஆனா கவுண்டர்ல "என் கணக்கு ஓகேவா"ன்னு கேக்காதீங்க, ஓகேன்னுதான் சொல்வாங்க. டீச்சர் ஏப்ரல் மாசமே அப்படிக் கேட்டு, "அக்கவுண்ட் அக்டிஃப் மாச்சிக்"னு பதில் வாங்கிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டாங்க.

கேக்க வேண்டியது மூணு. ஒண்ணு, கணக்கு நடப்புல இருக்கா இல்ல ரொம்ப நாளா பொழங்காததால தூங்கிடுச்சா. ரெண்டு, உங்க ரெக்கார்டுல என் பேரு எப்படி இருக்கு, எழுத்துக்கு எழுத்து காட்டுங்க. மூணு, என் ஐசி நம்பர் உங்ககிட்ட எப்படிப் பதிஞ்சிருக்கு.

இந்த மூணாவது கேள்விலதான் எங்க கேஸ் ஒடைஞ்சுது. டீச்சருக்குச் சம்பளம் ஏறுன கணக்கு வேற. பென்சனுக்குன்னு அவங்க குடுத்தது எண்பதுகள்ல சண்டாரான் டீச்சரா இருந்தப்ப தெறந்த சேமிப்புக் கணக்கு, அந்த புக்க ராசியா வச்சிருந்தாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனத் திருப்பிக் காட்டுனா, அங்க ஐசி நம்பர் எடத்துல ஏழு இலக்கம்தான் இருந்துச்சு. பழைய ஐசி நம்பர். பன்னெண்டு இலக்க நம்பர் வந்து எத்தன வருசம் ஆச்சு, டீச்சர் அந்தக் கணக்குல அத மாத்தவே இல்ல. காசு போடுறதும் எடுக்குறதுமா இருந்ததால கணக்கு உயிரோடதான் இருந்துச்சு, ஆனா பணம் அனுப்புற பக்கம் பன்னெண்டு இலக்கத்த வச்சுப் பொருத்திப் பாத்தா ஒத்துப் போகாது.

நம்ம ஆளுங்களுக்குப் பேரு இன்னொரு தலவலி. பொறப்புப் பத்திரத்துல LETCHIMI, ஐசில LETCHUMY, பேங்க்ல LETCHUMI, ஒண்ணுல A/P, இன்னொண்ணுல D/O. பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் யாரும் இதக் கண்டுக்க மாட்டாங்க, பென்சன் வர்றப்பதான் முன்னால வந்து நிக்கும். எங்க எழுத்து மாறியிருந்தாலும் ஐசில இருக்கிறதுதான் கணக்கு, மத்தத அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும்.

கோளாறு இருந்தா அங்கயே உக்காந்து மாத்திட்டு வாங்க. மாத்துனதுக்கு அப்புறம் பேரும் புது நம்பரும் தெரியுற மாதிரி பேங்க்ல ஒரு உறுதிக் கடுதாசி, சாப்பு குத்தி வாங்குங்க. வாயால "மாத்திட்டேன்"னு எழுதுனா திரும்பவும் ஒரு கேள்வி வரும், அதுக்கு ஒரு மாசம் போயிரும்.

4. ஃபைல் எங்க நிக்குதுன்னு தேடுறது

வழி இதுதான்: பள்ளிக்கூடம், பிபிடி, மாநிலக் கல்வி இலாகா, அப்புறம் பொதுச்சேவை இலாகாவான ஜேபிஏ, கடைசில க்வாப். தகுதி பாத்து ஒப்புதல் குடுக்குறது ஜேபிஏ பக்கம். பணத்தக் கணக்குல போடுறது 2015 நவம்பர்லேருந்து க்வாப் கைக்குப் போயிருச்சு. பழைய வாத்தியாருங்க இன்னமும் எல்லாத்துக்கும் ஜேபிஏன்னே எழுதுறாங்க, அந்தக் கடுதாசி அங்கேருந்து இங்க சுத்தி வர்றதுக்கே நாளாயிரும்.

ஒவ்வொரு எடத்துலயும் ஒரே ஒரு கேள்விதான்: "என் ஃபைல நீங்க அடுத்த எடத்துக்கு எந்தத் தேதில அனுப்புனீங்க?" தேதி சொன்னா அத எழுதிக்கிட்டு அடுத்த எடம் போங்க. "அனுப்பியாச்சு"ன்னு மட்டும் சொன்னா அதப் பதிலா எடுத்துக்காதீங்க. தேதி சொல்ல முடியாத எடத்துலதான் பெரும்பாலும் ஃபைல் தூங்குது.

ஒப்புதல் கடுதாசி உங்க கைக்கு வந்துருச்சுன்னா பள்ளிக்கூடம், பிபிடி எல்லாத்தையும் விட்டுருங்க, அவங்க வேல முடிஞ்சுது. டீச்சருக்கு பிப்ரவரிலயே அந்தக் கடுதாசி வந்துருச்சு, பீரோல மடிச்சு வச்சிருந்தாங்க! அது தெரியாம எச்எம் ரூம் வாசல்ல மூணு தடவ போயி நின்னுருக்காங்க, அந்த மனுசன் என்ன செய்ய முடியும் பாவம்.

அதனால நேரா க்வாப்தான். MyPesara பக்கத்துல உங்க ஐசி நம்பர வச்சுப் பதிஞ்சு உள்ள போனா பென்சன் விவரத்தப் பாக்கலாம், போன்லயும் கேக்கலாம். கேக்கும்போது "ஏன் வரல"ன்னு ஆரம்பிக்காதீங்க. "பணம் அனுப்புனீங்களா, அனுப்பித் திரும்பி வந்துச்சா"ன்னு கேளுங்க. அனுப்பவே இல்லன்னா ஃபைல் பிரச்சன, அனுப்பித் திரும்புனதுன்னா கணக்குப் பிரச்சன. டீச்சருக்குத் திரும்பி வந்துருச்சுன்னு சொன்னாங்க, அதப் பத்தி ஒரு கடுதாசியும் போட்டுருக்கோம்னாங்க.

அந்தக் கடுதாசி எங்கன்னு தேடுனா அது தனிக் கூத்து. டீச்சர் போராங்ல குடுத்தது தோட்டத்துக்குள்ள இருந்த பழைய குவாட்டர்ஸ் அட்ரஸ். அங்க வீட்டுக்கு வீடு போஸ்மேன் வர்றதில்ல, எல்லாக் கடுதாசியும் தோட்டத்து ஆபீஸ்ல போட்டுட்டுப் போயிருவான், ஆள் வந்தா எடுத்துக்குவாங்க. அவங்க டவுன்ல மகன் வீட்டுக்கு மாறியாச்சு. நான் போயிக் கேட்டப்ப மேசை ஓரத்துல, ஆஸ்ட்ரோ பில்லுக்கும் கோயில் திருவிழா நோட்டீசுக்கும் நடுவுல, பிரிக்காம கெடந்துச்சு அந்தக் கவர். தோட்டத்து அட்ரஸ் குடுத்தவங்க எல்லாரும் இன்னிக்கே போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்க, போனதும் மறக்காம அட்ரஸையும் மாத்திருங்க.

இன்னொண்ணு சொல்லிடுறேன். நம்ம நாட்டுல ஜேபிஎன்னு சொன்னா கல்வி இலாகாவும் அதுதான், ஐசி போடுற பதிவு இலாகாவும் அதுதான். ஒரு வாத்தியாரு "ஜேபிஎன்ல கேளுங்க"ன்னு யாரோ சொன்னத நம்பி ஐசி ஆபீஸ்ல நம்பர் எடுத்துட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்தாரு. எந்த ஜேபிஎன்னு கேட்டுட்டுப் போங்க.

5. எவ்வளவு வரணும்னு நீங்களே போட்டுப் பாருங்க

கடுதாசில "பல மாச பென்சன்"னு எழுதுனா படிக்கிறவருக்குப் பிடிமானம் இருக்காது. தொகைய எழுதுனா அவரு ஸ்கிரீன்ல தட்டி ஒத்துப் பாப்பாரு, வேல நகரும்.

மாசப் பென்சன்:

```
1/600 × சேவை மாதம் × கடைசி அடிப்படைச் சம்பளம்
```

கன்ஜாரான்:

```
7.5% × சேவை மாதம் × கடைசி அடிப்படைச் சம்பளம்
```

பென்சன் கணக்குல 360 மாசம்தான் உச்சம், அதுக்கு மேல வேல பாத்திருந்தாலும் சம்பளத்துல அறுபது சதவீதத்தத் தாண்டாது. சம்பளம்னா அடிப்படைச் சம்பளம் மட்டும், எலாவுன் எல்லாத்தையும் சேத்துப் போட்டுட்டு "கொறச்சுக் குடுத்துட்டான்"னு சண்டைக்குப் போகாதீங்க. சண்டாரான் காலம் சேருமா சேராதாங்கிறத நம்ம முடிவு பண்ண முடியாது, ஒப்புதல் கடுதாசில எத்தன மாசம்னு இருக்கோ அதையே போடுங்க.

டீச்சருக்கு 348 மாசம், கடைசி அடிப்படைச் சம்பளம் 6,000 வெள்ளி. பென்சன் 3,480 வெள்ளி, கன்ஜாரான் 156,600 வெள்ளி. மார்ச் மாசம் முழுசா வராது, 11ஆம் தேதிலேருந்து 31 வரைக்கும் 21 நாள், அது சுமாரா 2,357 வெள்ளி. ஏப்ரல்லேருந்து ஜூன் வரைக்கும் மூணு மாசம் 10,440. கடுதாசி எழுதுறப்ப ஜூலைப் பென்சன் தேதி இன்னும் வரல, அதனால அத நான் சேக்கல. இன்னும் தேதி வராத மாசத்தையும் சேத்து எழுதிட்டா உங்க கணக்கு மேலயே சந்தேகம் வந்துரும்.

6. கடுதாசி

மலாய்ல எழுதுங்க, ஒரே பக்கம். டீச்சர் முதல்ல எழுதி வச்சிருந்தது நாலு பக்கம், முப்பது வருசம் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தது, புருசனுக்கு டயாலிசிஸ், மருமக சொன்ன பேச்சு வரைக்கும் எல்லாம் இருந்துச்சு. படிச்சா கண்ணுல தண்ணி வரும், ஆனா ஐசி நம்பரு மூணாவது பக்கத்துலதான் இருந்துச்சு. ஆபீஸ்ல உக்காந்துருக்கிற ஆளுக்கு முதல் கண்ணுல படவேண்டியது அந்த நம்பருதான், அது இல்லாம அவரு எந்த ஃபைலயும் தெறக்க முடியாது.

தலைப்பு வரில விசயமும் ஐசி நம்பரும் ஒண்ணா வரணும்: "அடுவான் கெலேவாத்தான் பெம்பாயாரான் பென்சென் டான் கன்ஜாரான்", அதுக்குப் பக்கத்துலயே பேரு, ஐசி நம்பர், ஒப்புதல் கடுதாசியோட ருஜுக்கான் நம்பர்.

முதல் பத்தில யாரு, எந்தத் தேதில ரிட்டயர்மெண்ட், எந்த மாசத்துலேருந்து வரல, மொத்தம் எவ்வளவு. ரெண்டாவது பத்தில இதுவரைக்கும் எங்கெங்க எப்ப கேட்டோம், நம்ம எக்சர்சைஸ் புக்லேருந்து எடுத்து மூணு நாலு வரி. மூணாவது பத்தி காரணம்: பேங்க் கணக்குல பழைய ஐசி நம்பர் இருந்துச்சு, இன்ன தேதில மாத்தியாச்சு, பேங்க் உறுதிக் கடுதாசி இணைச்சிருக்கு. நம்ம பக்கத்துத் தப்ப எழுத டீச்சருக்கு மனசே வரல, "நம்ம தப்புன்னு சொன்னா தள்ளி வச்சுருவாங்க தம்பி"ன்னாங்க. நான் சொன்னேன், மறைச்சா அவங்க முதல்லேருந்து தேட ஆரம்பிப்பாங்க டீச்சர், சொல்லிட்டா திரும்பவும் அனுப்புற பட்டன அமுக்குறதுதான் மிச்சம்.

கடைசிப் பத்தில கேக்குறது ஒண்ணே ஒண்ணு: திரும்பி வந்த தொகையையும் துங்காக்கானையும் சரி பண்ணுன கணக்குல போடுங்க, எந்தத் தேதில போடுவீங்கன்னு எழுத்துல சொல்லுங்க. கூட நஷ்டஈடு, மன்னிப்பு, யாரு மேலயாச்சும் நடவடிக்கைன்னு சேத்தீங்கன்னா கடுதாசி வேற டிபார்ட்மெண்டுக்குப் போயிரும், காசு பின்னால போயிரும். கோவம் இருந்தா காசு வந்ததுக்கு அப்புறம் தனியா எழுதிக்கலாம்.

புது அட்ரஸும், பகல்ல எடுக்குற போன் நம்பரும் கீழ போடுங்க. மகன் நம்பரப் போட்டா மகன்கிட்டயும் ஐசி நம்பர எழுதிக் குடுத்து வைங்க, ஒரு வாத்தியாருக்கு ஆபீஸ்லேருந்து போன் வந்தப்ப மகன் ஏமாத்துக்காரன்னு நெனச்சு திட்டி வச்சுட்டான்.

7. அனுப்புறதும் ரசீதும்

நேர்ல குடுத்தா ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி, ஒண்ணுல தேதியோட தெரீமா சாப்பு குத்தி வாங்குங்க. தபால்னா பதிவுத் தபால், அந்த ரசீத கடுதாசி காப்பியோட பின் பண்ணி வைங்க. ஆன்லைன்ல போட்டா அடுவான் நம்பர் ஒண்ணு வரும், அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறதோட எக்சர்சைஸ் புக்லயும் எழுதுங்க, போன் காணாமப் போனா என்ன பண்ணுவீங்க.

ஒரே விசயத்த மூணு வழியிலயும் ஒரே நேரத்துல அனுப்பாதீங்க. மூணு நம்பர் விழும், மூணு ஆளு கைல போகும், ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பாத்துக்கிட்டு இருக்காருன்னு விட்டுருவாங்க.

இணைக்கிறது எல்லாம் காப்பிதான். ஒரிஜினல எங்கயும் குடுக்காதீங்க.

8. பதில் வரலன்னா

நான் மூணு வாரம் விடுவேன், நடுவுல ஒரே ஒரு போன், அடுவான் நம்பர முதல்ல சொல்லி. தெனம் போன் போட்டா வேல ஓடாது. மூணு வாரத்துல ஒண்ணும் வரலன்னா புதுசா எழுதாதீங்க, அதே நம்பரப் போட்டு "பெரிங்கத்தான்"னு தலைப்புல ரெண்டு வரி. புதுக் கடுதாசின்னா புது நம்பர், வரிசைல திரும்பக் கடைசில நிக்கணும்.

அதுக்கும் பதில் இல்லன்னா பிரோ பெங்காடுவான் அவாம். அங்க கேக்குற முதல் விசயமே சம்பந்தப்பட்ட ஆபீசுல எழுதுனீங்களா, நம்பர் என்னன்னுதான். அந்த சாப்பு, ரசீது, அடுவான் நம்பர் எல்லாம் இங்கதான் கை குடுக்கும். ஒய்பி ஆபீசுக்குப் போறதும் இந்தக் கட்டத்துலதான் சரி. முதல்லயே போனா அவங்களும் உங்க கைல பேப்பர் இல்லாம ஒரு போன் போட்டுப் பாப்பாங்க, அவ்வளவுதான். டீச்சருக்கு மே மாசம் நடந்தது அதுதான்.

9. காசு ஏறுனதும் பாக்க வேண்டியது

டீச்சருக்கு ஜூலை 18 கடுதாசி போச்சு, ஆகஸ்ட்ல காசு வந்துச்சு. ஒரே தொகையா வரல. முதல்ல 3,480 மட்டும் ஏறுனதும் "இவ்வளவுதானா தம்பி"ன்னு காலைலயே போன் போட்டுட்டாங்க. அது ஆகஸ்ட் மாசத்தோடது. கன்ஜாரான் தனியா, பழைய பாக்கி தனியா, சில நாள் கழிச்சு வந்துச்சு. அதனால முதல் வரியப் பாத்துட்டு அடுத்த அடுவான எழுதி வச்சுராதீங்க, அடுத்த பென்சன் தேதி வரைக்கும் பொறுங்க.

பாக்கில மார்ச்லேருந்து ஜூலை வரைக்கும் இருக்கணும்: 2,357ம், நாலு மாசம் 13,920ம், ஆக 16,277 வெள்ளி சொச்சம். சில்லறைக் காசு முன்னபின்ன இருக்கலாம். ஒரு முழு மாசமே கொறஞ்சா அதே பழைய அடுவான் நம்பருக்குக் கீழ எழுதுங்க. ஸ்டேட்மெண்டையும் பென்சன் ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வரி வரியா டிக் போடுங்க, வாத்தியாருங்களுக்கு அது சொல்லியா குடுக்கணும்.

பெரிய தொகை ஏறுன வாரத்துல யாராவது போன் போட்டு "பென்சன் ஆபீஸ்லேருந்து பேசுறோம், டேக் நம்பர் சொல்லுங்க"ன்னா வச்சுருங்க. பாக்கி போடுறதுக்கு உங்ககிட்ட எந்த டேக் நம்பரும் தேவையில்ல.

டீச்சர் மளிகைக்கடை பாக்கிய அன்னிக்கு சாயங்காலமே அடைச்சுட்டு, அந்த ராசியான பேங்க் புக்க எனக்குக் காட்டுனாங்க. இன்னும் அத மாத்த மாட்டாங்களாம்.